முதல் துடிப்பு மட்டும் பழைய திசையில்: ஒரு ஸ்டெப்பர் மோட்டார் நிலை அட்டவணை தவறிய கதை

பின்னணி

பாலிடெக்னிக் ஒன்றின் மின்னணுவியல் ஆய்வகத்தில், இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் செய்த திட்டப்பணியில் நடந்தது இது. நான் அந்த ஆய்வகத்தின் பயிற்றுநர். பிழையை இரண்டு மாதம் தவறான இடத்தில் தேடினோம். அதில் என் பங்கும் உண்டு என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திட்டம் எளிமையானதுதான். ஒளி உணரி ஒன்றைச் சிறிய வண்டியில் பொருத்தி, ஒரு மெல்லிய பிளவின் முன்னால் நேர்கோட்டில் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒளியின் அளவைக் குறித்துக்கொண்டே போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். வண்டியை இழுப்பது பல் பெல்ட். பல்லின் இடைவெளி 2 மி.மீ., புல்லியில் 20 பற்கள். ஆக ஒரு சுற்றுக்கு வண்டி 40 மி.மீ. நகரும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி போகும் வகை, அதனால் ஒரு படிக்கு 0.2 மி.மீ. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் தடயமும் இதன் மடங்குகள்தான்.

மோட்டாரை ஓட்டத் தயார் டிரைவர் போர்டு வாங்க வேண்டாம், படித்த தர்க்கச் சுற்றைக் கொண்டே செய்யுங்கள் என்று சொன்னது நான். மோட்டாருக்கு நான்கு அரைச்சுருள்கள். எந்த நேரமும் இரண்டில் மின்சாரம் ஓட வேண்டும். எதிரெதிர் அரைச்சுருள்கள் இரண்டும் ஒருபோதும் சேர்ந்து இயங்கக் கூடாது. எனவே இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப் போதும். ஒன்றின் வெளியீடு A, மற்றதன் வெளியீடு B, அவற்றின் தலைகீழ் வெளியீடுகள் இரண்டு, ஆக நான்கு வரி நான்கு மாஸ்ஃபெட்டுகளுக்குப் போகும். ஒரு 4013 ஐசிக்குள் இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்பும் அடங்கிவிடும்.

நிலை அட்டவணை இது:

```
A B | DIR=0 | DIR=1
0 0 |  0 1  |  1 0
0 1 |  1 1  |  0 0
1 1 |  1 0  |  0 1
1 0 |  0 0  |  1 1
```

ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வரியிலிருந்து அடுத்த நிலைக்குப் போகிறது. திசை உள்ளீடான DIR எந்தப் பத்தியைப் படிப்பது என்று சொல்கிறது: 0 என்றால் முன்னோக்கு, 1 என்றால் பின்னோக்கு. எந்தப் பக்கம் போனாலும் ஒரு துடிப்பில் A, B இரண்டில் ஒன்றுதான் மாறும். இதைச் சமன்பாடாக எழுதினால் இப்படி வரும்:

```
D_A = B ^ DIR
D_B = ~(A ^ DIR)
```

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது, நான்கு நிலையுமே செல்லுபடியாகும் நிலைகள் என்பது. நான்கு பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டரைச் சுற்றவிட்டும் இதைச் செய்யலாம். ஆனால் அதில் உள்ள 16 நிலைகளில் 4 மட்டுமே நமக்கு வேண்டியவை. மின் இரைச்சலால் ஒரு பிட் தவறினால் மீதி 12-ல் ஏதோ ஒன்றில் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்பில் மாட்டிக்கொள்ள இடமே இல்லை. அதனால் இதில் பிழை வராது என்று நம்பினேன். நிலைகள் எல்லாம் சரியாக இருந்தாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தாவல் தவறாகலாம் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

இரண்டு எக்ஸ்-ஆர் கேட்டுக்கு ஒரு 4070 போட்டார்கள். D_B-க்கு வேண்டிய தலைகீழாக்கத்துக்கு, அதே ஐசியில் சும்மா இருந்த மூன்றாவது கேட்டின் ஒரு காலை 5 வோல்ட்டில் கட்டிப் பயன்படுத்தினார்கள். ஆக D_A ஒரு கேட்டைக் கடந்து வருகிறது, D_B இரண்டைக் கடந்து வருகிறது. துடிப்பையும் திசையையும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் அனுப்பியது.

போர்டைச் சோதித்தபோது துடிப்புக்கு ஒரு பொத்தான், திசைக்கு ஒரு டாகிள் ஸ்விட்ச் வைத்துப் பார்த்தோம். நான்கு வரியிலும் எல்இடி. எட்டுத் தாவலும் அட்டவணைப்படியே வந்தன. கையொப்பம் போட்டுவிட்டேன்.

முதல் அறிகுறி: 0.4 மி.மீ.

வண்டி ஓட ஆரம்பித்ததும், போகும்போது எடுத்த ஒளி வரைபடமும் திரும்பும்போது எடுத்ததும் பொருந்தவில்லை. பிளவின் உச்சம் போகும் ஓட்டத்தில் 0.4 மி.மீ. தள்ளி விழுந்தது. எத்தனை முறை எடுத்தாலும் அதே 0.4. ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வண்டி தொடங்கிய இடத்துக்குத் துல்லியமாக வந்து நின்றது.

“சார், பெல்ட் லூஸா இருக்கும்” என்றார் மாணவர் ஒருவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திசை மாறும்போது மட்டும் வரும், இரு பக்கமும் ஒரே அளவாக வரும், சுற்று முடிந்தால் காணாமல் போகும் பிழை என்றால் பேக்லாஷ் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

பெல்ட்டை இறுக்கினோம். பிழை மாறவில்லை, அதே 0.4. இங்கேயே நாங்கள் நின்றிருக்க வேண்டும். பெல்ட்டின் தொய்வுதான் காரணம் என்றால் இறுக்கியதும் கொஞ்சமாவது குறைந்திருக்கும். தவிர, இயந்திரத் தொய்வுக்குச் சரியாக இரண்டு படியாக இருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

அதை விட்டுவிட்டு, மென்பொருளில் ஈடுகட்டினோம். திசை மாறும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையில் சேராத இரண்டு துடிப்பைக் கூடுதலாக அனுப்பச் செய்தோம். வரைபடங்கள் பொருந்திவிட்டன. ஏன் பொருந்தின என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டாம் அறிகுறி: நாளுக்கு ஒரு விதம்

சில வாரம் கழித்து வெளிச்சம் புகாத பெட்டிக்குள் கருவியை மாற்றினார்கள். கன்ட்ரோலருக்கும் டிரைவர் போர்டுக்கும் இடையே மூன்று மீட்டர் கேபிள் வந்தது. துடிப்பு வரியில் இரைச்சல் ஏறி, அனுப்பாத படிகளும் எண்ணப்பட்டன. அதற்குத் துடிப்பு வரியில் மட்டும் 40106 ஷ்மிட் இன்வெர்ட்டர் போட்டோம். துடிப்பு தலைகீழாகிவிடக் கூடாது என்று இரண்டு இன்வெர்ட்டர் அடுத்தடுத்து. திசை வரியை அப்படியே விட்டோம். அது எப்போதாவதுதான் மாறுகிறது, அதில் இரைச்சல் வந்தாலும் பாதகமில்லை என்பது அன்றைய நியாயம்.

இரைச்சல் போய்விட்டது. ஆனால் கருவி நாளுக்கு ஒரு விதமாக நடந்துகொண்டது. சில நாள் போகும் உச்சம் 0.2 மி.மீ. முன்னால் விழும், அன்று முழுக்க அப்படியே இருக்கும். வேறு சில நாள் 0.2 பின்னால் விழும். அந்த நாட்களில்தான் சில சுற்றுகளுக்குப் பிறகு வண்டி தொடங்கிய இடமான வீட்டிடத்தையே தவறவிடும். தவறும் அளவு 0.8 மி.மீ., சில சமயம் 1.6. இடையில் வேறு எண் வரவே இல்லை.

மாணவர்கள் மோட்டாரை மாற்றிப் பார்த்தார்கள். மின்வழங்கியை மாற்றினார்கள். வேகத்தை நொடிக்கு 200 படியிலிருந்து 50-க்குக் குறைத்தார்கள். எதனாலும் மாற்றமில்லை. படி தவறுவது வேகத்தாலோ பளுவாலோ என்றால், வேகத்தைக் கால்வாசியாக்கியபோது நின்றிருக்க வேண்டும். நிற்காததால், தவறு மோட்டாருக்கு முன்னாலேயே நடக்கிறது என்று முடிவு செய்தோம்.

என்ன பார்த்தோம்

எல்இடிகளை மறுபடி மாட்டினோம். இந்த முறை பொத்தானை நாடவில்லை. உண்மையான மென்பொருளையே நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும்படி மெதுவாக்கினோம். ஒரே திசையில் போகும்வரை எல்லாம் அட்டவணைப்படி இருந்தது. திசை மாறும் முதல் துடிப்பில்தான் விஷயம் வெளிப்பட்டது. சில முறை ஒரு விளக்கும் அசையவில்லை, துடிப்பு காணாமல் போனது போல. சில முறை நான்கு விளக்கும் ஒரே சமயத்தில் தலைகீழாயின. இந்த அட்டவணையில் அப்படி ஒரு தாவலே கிடையாது.

எந்த நிலையில் எது நடக்கிறது என்று குறித்தோம். முன்னோக்கிலிருந்து பின்னோக்கு மாறும்போது 00, 11 இரண்டும் எதிர்மூலைக்குத் தாவின; 01, 10 இரண்டும் அசையாமல் நின்றன. பின்னோக்கிலிருந்து முன்னோக்கு மாறும்போது இது அப்படியே நேர்மாறு. இப்படி ஒழுங்காக வந்தால் அது இரைச்சலாக இருக்க முடியாது.

அப்புறம் மென்பொருளைத் திறந்தோம்:

```c
PORTB = dir ? 0x03 : 0x01;   // bit0 STEP, bit1 DIR
_delay_us(20);
PORTB &= ~0x01;
```

திசையும் துடிப்பும் ஒரே கட்டளையில், ஒரே கணத்தில் மாறுகின்றன. ஃப்ளிப்-ஃப்ளாப் துடிப்பின் ஏறும் விளிம்பில் தன் D காலில் இருப்பதைப் படித்துக்கொள்கிறது. புதிய திசை எக்ஸ்-ஆர் கேட்டுகளைக் கடந்து அந்தக் காலுக்கு வர நேரம் ஆகும். 4000 வரிசை ஐசிகள் 5 வோல்ட்டில் மெதுவானவை. ஸ்கோப்பில் அளந்தபோது எங்கள் போர்டில் ஒரு கேட்டுக்கு சுமார் 120 நானோநொடி ஆனது.

ஆக, முதல் அமைப்பில் துடிப்பு நேராக வந்து சேர்ந்தது. D_A-யும் D_B-யும் இன்னும் பழைய திசைக்கு உரிய மதிப்பிலேயே இருந்தன. திசை மாறிய முதல் துடிப்பு ஒவ்வொரு முறையும் பழைய திசையிலேயே ஒரு படி போனது. பின்னால் ஒன்று வர வேண்டியது முன்னால் ஒன்று போனால் வித்தியாசம் இரண்டு படி, அதுதான் 0.4 மி.மீ. மறுபடி திசை மாறும்போது எதிர்ப்பக்கம் அதே இரண்டு படி தவறி, கணக்கு நேராகிவிடும். அதனால்தான் வண்டி வீட்டிடத்துக்குச் சரியாக வந்தது, அதனால்தான் இரண்டு கூடுதல் துடிப்பு அதைக் கச்சிதமாக மறைத்தது. பெல்ட்டுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

ஷ்மிட் போட்ட பிறகு துடிப்பு சுமார் 210 நானோநொடி தாமதமாக வந்தது. D_A-க்குப் புதிய திசை 120-ல் வந்து சேர்ந்துவிட்டது. D_B-க்கு இரண்டு கேட் என்பதால் 240 ஆனது. துடிப்பு இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. A புதிய திசையைப் படித்தது, B பழைய திசையைப் படித்தது. உதாரணத்துக்கு 00-ல் நின்று பின்னோக்கு மாறும்போது: A புதிய பத்தியிலிருந்து 1 எடுத்துக்கொள்ளும், B பழைய பத்தியிலிருந்து 1 எடுத்துக்கொள்ளும், விளைவு 11. அதே 01-ல் நின்றால், A புதியதிலிருந்து 0, B பழையதிலிருந்து 1, மறுபடி 01-தான். குறித்து வைத்த ஒழுங்கு அப்படியே கிடைத்தது.

மீதித் தடயங்களும் இதிலேயே அவிழ்ந்தன. முதல் துடிப்பு விழுங்கப்பட்டால், இரண்டு கூடுதல் துடிப்பில் ஒன்றுதான் செலவாகிறது. வண்டி ஒரு படி கூடப் போகும், 0.2 மி.மீ. எதிர்மூலைக்குத் தாவினால் காந்தப்புலம் இரண்டு படி தள்ளி, ரோட்டருக்கு நேர் எதிராகப் போய் நிற்கிறது. அந்த இடத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்று ரோட்டருக்குக் கட்டாயம் ஏதுமில்லை. உராய்வும் பெல்ட்டின் இழுப்பும் முடிவு செய்யும். பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும், அப்போது ஒரு படி குறையும். எப்போதாவது மறுபக்கம் சாய்ந்தால், நான்கு படி வித்தியாசம். இரண்டு பக்கச் சாய்வுக்கும் இடையில் ஒரு முழு மின்சுழற்சி இருக்கிறது, அதுதான் 0.8 மி.மீ.

நாளுக்கு நாள் மாறியது ஏன்? ஒரு ஓட்டம் 200 படி, நான்கால் மீதியின்றி வகுபடும். எனவே காலையில் வீட்டிடத்தைக் காட்டும் ஹோம் ஸ்விட்ச் பட்ட இடத்தில் நிலை 00 அல்லது 11 ஆக இருந்தால், அன்று முழுக்க இரு முனையிலும் துடிப்பு விழுங்கப்படும் வகைதான் வரும். 01 அல்லது 10 ஆக இருந்தால், இரு முனையிலும் தாவும் வகை. ஸ்விட்ச் ஒரு படி முன்னே பின்னே பட்டாலே நாள் மாறிவிடும். இதைத் தாளில் போட்டு நான்கு தொடக்க நிலைக்கும் சரிபார்த்தோம், எல்லாம் ஒத்துப்போயின.

எடுத்த முடிவுகள்

முதலில் மென்பொருள். திசையை முதலில் எழுதி, காத்திருந்து, பிறகு துடிப்பு:

```c
if (dir) PORTB |= 0x02; else PORTB &= ~0x02;
_delay_us(5);
PORTB |= 0x01;
_delay_us(20);
PORTB &= ~0x01;
```

தேவை 300 நானோநொடிக்குள்தான். 5 மைக்ரோநொடி வைத்ததற்குக் காரணம், நொடிக்கு 200 படி வேகத்தில் ஒரு படிக்கு 5 மில்லிநொடி இருக்கிறது. அதில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. கேபிள் நீண்டாலும் ஐசி மாறினாலும் போதுமானது.

இரண்டாவது, இரண்டு கூடுதல் துடிப்பை அதே நாளில் நீக்கினோம். நோய் போன பிறகு மருந்தை விட்டுவைத்தால் அதுவே 0.4 மி.மீ. பிழையை உண்டாக்கும்.

மூன்றாவது, D_B-க்கு வைத்த தலைகீழாக்கும் கேட்டை எடுத்தோம். 4013-இல் A-யின் தலைகீழ் வெளியீடு ஏற்கனவே இருக்கிறது. அதையே DIR உடன் எக்ஸ்-ஆர் செய்தால் D_B வந்துவிடும். ஒரு கேட் மிச்சம் என்பதோடு, இரண்டு பாதைக்கும் ஒரே அளவு தாமதம். இது தானாகப் பிழையைத் தடுத்துவிடாது. ஆனால் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் புதியதையும் மற்றது பழையதையும் படிக்கும் இடைவெளி மிகக் குறுகிவிடும்.

மூன்றாவது ஃப்ளிப்-ஃப்ளாப் ஒன்றைப் போட்டு, துடிப்பு இறங்கும் விளிம்பில் திசையைப் பிடித்து வைக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல யோசனை, ஆனால் எங்கள் துடிப்பு சும்மா இருக்கும்போது தாழ்ந்திருக்கும் வகை. கடைசித் துடிப்பு இறங்கும்போதே திசை பிடிபட்டுவிடும். அதன் பிறகு மாற்றியது அடுத்த துடிப்பு முடிந்த பின்தான் உள்ளே போகும். பழைய பிழையே வேறு பெயரில் திரும்பி வந்திருக்கும். துடிப்பைச் சும்மா இருக்கும்போது உயர்ந்திருக்கும்படி மாற்றினால் சரிவரும்: இறங்கும்போது திசை பிடிபடும், ஏறும்போது படி நகரும். அதற்கு இன்னொரு 4013 வேண்டும், துடிப்பின் முழு அமைப்பையும் மாற்ற வேண்டும் என்பதால் அப்போதைக்குச் செய்யவில்லை.

என்ன ஆயிற்று

கூடுதல் துடிப்பு ஏதும் இல்லாமலே போகும் உச்சமும் திரும்பும் உச்சமும் ஒரே படியில் விழுந்தன. இத்தனை நாள் பழி சுமந்த பெல்ட்டின் உண்மையான தொய்வு ஒரு படிக்கும் குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஹோம் ஸ்விட்சை வேண்டுமென்றே ஒவ்வொரு படியாக நகர்த்தி, நான்கு தொடக்க நிலையிலும் 50 சுற்று வீதம் ஓட்டினோம். 200 சுற்றிலும் வண்டி வீட்டிடத்தைத் தவறவிடவில்லை.

அடுத்த முறை எதை மாற்றுவோம்

தயார் டிரைவர்களின் தரவுத்தாளை மாணவர்களோடு உட்கார்ந்து முதலிலேயே படித்திருப்பேன். ஏ4988-க்குத் திசை, துடிப்பு விளிம்புக்கு 200 நானோநொடி முன்பே நிலைத்திருக்க வேண்டும். டிஆர்வி8825-க்கு 650. பழைய எல்297 திசையை உள்ளுக்குள்ளேயே துடிப்போடு ஒத்திசைத்துக்கொள்கிறது, அதனால் திசையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அதன் தாள் சொல்கிறது. அந்த ஒரு வரி ஏன் அங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டிருந்தாலே, எங்கள் சுற்றில் இல்லாதது எது என்று தெரிந்திருக்கும்.

ஷ்மிட் போடும்போது துடிப்பு வரிக்கும் திசை வரிக்கும் சேர்த்தே போட்டிருக்க வேண்டும். இரண்டு வரியில் ஒன்றுக்கு மட்டும் தாமதம் கூட்டினால், அட்டவணையில் எந்தப் பத்தி படிக்கப்படும் என்பதையே மாற்றுகிறோம்.

கைப் பொத்தான் சோதனையை இப்போதும் செய்யச் சொல்கிறேன், ஆனால் அதற்கு மட்டும் கையொப்பம் போடுவதில்லை. கையால் டாகிளை மாற்றி, விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோவதற்குள் அரை நொடி போய்விடும். அந்த அரை நொடியில் எல்லா கேட்டும் நிலைத்துவிடும், போர்டு எப்போதும் தேறிவிடும். இப்போது எங்கள் சோதனைத் தாளில் எட்டு வரி கூடியிருக்கிறது: நான்கு நிலை ஒவ்வொன்றிலும் நிறுத்தி, இரு பக்கமும் திசை மாற்றி, உண்மையான மென்பொருளும் உண்மையான கேபிளும் மாட்டிய நிலையில் முதல் துடிப்புக்கு எந்த விளக்கு மாறியது என்று எழுத வேண்டும். ஒரு ஜோடிக்கு மேல் மாறினாலோ, ஒன்றும் மாறாவிட்டாலோ, மோட்டாரை மாட்ட விடுவதில்லை.